ஒன்றைத் தொடாமல் நெருங்கும் எண்

அஞ்சல் உறை ஒன்றில் கையால் எழுதிய பின்கோடைக் கணினி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கத்தில் மேல் வளைவு சரியாக மூடவில்லை. 9 என்றும் படிக்கலாம், 4 என்றும் படிக்கலாம். படத்தைப் பார்க்கும் நரம்பு வலைப்பின்னல் உடனே ஒரு விடையைச் சொல்லிவிடுவதில்லை. 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண்ணுக்கு மேல்வரம்பு கிடையாது, கீழ்வரம்பும் கிடையாது. 5 வரலாம், மைனஸ் 12 வரலாம், 300கூட வரலாம்.

நமக்கு வேண்டியது வேறு. “இது 9 என்பதற்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?” என்று கேட்கிறோம். எல்லா விடைகளும் 0க்கும் 1க்கும் இடையில் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். மதிப்பெண்களை இப்படிப் பங்குகளாக மாற்றும் சூத்திரத்துக்கு சாஃப்ட்மேக்ஸ் என்று பெயர். பிரிட்டன் ஆய்வாளர் ஜான் பிரைடில் 1990 வாக்கில் இந்தப் பெயரை நரம்பு வலைப்பின்னல் துறைக்குக் கொண்டுவந்தார். சூத்திரம் அதைவிட மிகப் பழையது. வாயு மூலக்கூறுகள் எந்த ஆற்றல் நிலையில் எவ்வளவு இருக்கும் என்று லுட்விக் போல்ட்ஸ்மன் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய கணக்கும் இதே வடிவம்தான்.

செய்முறை மிக எளிது. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் e என்ற எண்ணின் அடுக்காக ஏற்ற வேண்டும். e என்பது ஏறத்தாழ 2.718. பிறகு ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

```
p1 = e^z1 / (e^z1 + e^z2 + ... + e^zn)
```

இதில் z என்பது மதிப்பெண், p என்பது பங்கு. அடுக்காக ஏற்றுவதில் ஒரு வசதி உண்டு. மதிப்பெண் எவ்வளவு மைனஸாக இருந்தாலும் e-யின் அடுக்கு நேர் எண்ணாகவே வரும். அதனால் எந்தப் பங்கும் மைனஸாகாது.

நம் பின்கோடு இலக்கத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக 9க்கு 5, 4க்கு 4, 7க்கு 1 என்று மதிப்பெண் வைக்கிறேன். மற்ற இலக்கங்கள் வெகுவாகப் பின்தங்கியவை என்று இப்போதைக்கு விட்டுவிடுவோம். e-யின் 5ஆம் அடுக்கு 148.41. 4ஆம் அடுக்கு 54.60. முதல் அடுக்கு 2.72. மூன்றையும் கூட்டினால் 205.73. 148.41ஐ அதால் வகுத்தால் 0.721. ஆக, 9க்கு 72 சதவீதம், 4க்கு 26.5 சதவீதம், 7க்கு ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். மதிப்பெண்ணில் 9க்கும் 4க்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பங்கிலோ 9 ஏறக்குறைய 2.7 மடங்கு பெற்றுவிட்டது.

இப்போது 4, 7 இரண்டின் மதிப்பெண்ணையும் அப்படியே வைத்துவிட்டு, 9ஐ மட்டும் உயர்த்திப் பார்ப்போம். 6 ஆக்கினால் அதன் பங்கு 0.876. 8 ஆக்கினால் 0.981. 10 ஆக்கினால் 0.9974. 14இல் 0.99995. 20இல் 0.99999988. முதல் சில படிகளில் எண் பாய்கிறது, பிறகு நகர்வதே தெரியாமல் ஊர்கிறது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே போகிறது, ஆனால் ஒன்று ஆகவில்லை.

ஏறும் எண்ணைப் பார்ப்பதைவிட, ஒன்றுக்கு இன்னும் எவ்வளவு குறை என்று பார்த்தால் நடப்பது தெளிவாகத் தெரியும். மதிப்பெண் 8இல் குறை 0.0189. 10இல் குறை 0.0026. இடையில் இரண்டு படி ஏறினோம், குறை ஏறக்குறைய 7.3 மடங்கு சுருங்கியது. e-யை e-யால் பெருக்கினால் 7.39. ஒவ்வொரு படிக்கும் குறை சுமார் 2.7இல் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். மதிப்பெண் மேலே போகப்போக இந்த விகிதம் இன்னும் துல்லியமாகப் பொருந்தும். இதற்கான காரணம் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. பள்ளியில் பின்னங்களுக்குச் செய்த ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும். தொகுதியையும் பகுதியையும் முன்னணியில் இருப்பவரின் e^z1 ஆல் வகுத்துவிடுங்கள்.

```
p1 = 1 / (1 + e^-(z1 - z2) + e^-(z1 - z3) + ...)
```

பின்னத்தின் மதிப்பு மாறவில்லை. ஆனால் பார்வை முற்றிலும் மாறிவிட்டது. மேலே வெறும் 1. கீழே 1, அதோடு ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு சிறு உறுப்பு. அந்த உறுப்பைத் தீர்மானிப்பது முன்னணிக்கும் அந்தப் போட்டியாளருக்கும் உள்ள இடைவெளி மட்டுமே.

இடைவெளியை d என்போம். d வளர்ந்தால் e^-d என்ன ஆகும்? e இரண்டைவிடப் பெரிய எண். ஆகவே e^d, 2^d-ஐவிடப் பெரியது. இரண்டைப் பத்து முறை பெருக்கினாலே 1,024 வந்துவிடும், இருபது முறை பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதன் தலைகீழான e^-d அதற்கேற்பச் சுருங்கும். எவ்வளவு சிறிய எண்ணை நீங்கள் சொன்னாலும், அதற்கும் கீழே e^-d இறங்கிவிடும் ஒரு இடைவெளி உண்டு. d முடிவிலியை நோக்கிப் போகும்போது e^-d-யின் எல்லை 0 என்று கணிதத்தில் சொல்வது இதைத்தான். போட்டியாளர்களின் எண்ணிக்கை மாறாமல் இருந்து, ஒவ்வொருவரும் இப்படிப் பின்தங்கிப் போனால், கீழே உள்ள சிறு உறுப்புகள் எல்லாம் 0க்குப் போகும். மிஞ்சுவது 1இன் கீழ் 1. சாஃப்ட்மேக்ஸின் எல்லை ஒன்று. மற்றவர்களின் பங்கு ஒவ்வொன்றும் 0க்கு இறங்கும்.

இதை நடைமுறைக்கும் பயன்படுத்தலாம். இரண்டு போட்டியாளர்கள் இருக்கிறார்கள், இருவரும் குறைந்தது d அளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்றால், ஒன்றுக்கு உள்ள குறை 2e^-d-ஐத் தாண்டாது. குறை பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒருவர் கேட்டால், இருபது லட்சத்தின் இயல் மடக்கையைப் பார்க்க வேண்டும். 14.51 வருகிறது. இடைவெளி 14.51 இருந்தால் அவர் கேட்ட நெருக்கம் கிடைத்துவிடும். அதே நேரம், d எவ்வளவு பெரிதாக இருந்தாலும் e^-d பூஜ்யத்தைவிடப் பெரியதுதான். ஆகவே காகிதத்தில் செய்யும் கணக்கில் பங்கு ஒருபோதும் 1 ஆகாது.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ‘ஒரு மதிப்பெண் மற்றவற்றை விஞ்சி நிற்கிறது’ என்று கேட்டதும் நம் மனம் மடங்கை நினைக்கிறது. இரண்டு மடங்கு, பத்து மடங்கு என்று. சாஃப்ட்மேக்ஸ் மடங்கைப் பார்ப்பதே இல்லை. மதிப்பெண்கள் 0.2, 0.1 என்று இருந்தால் முதலாவது இரண்டு மடங்கு, ஆனால் இடைவெளி 0.1 மட்டுமே. அதன் பங்கு 0.525, ஏறக்குறைய சரிபாதி. மதிப்பெண்கள் 2, 1 என்றாலும் இரண்டு மடங்குதான், ஆனால் இடைவெளி 1. பங்கு 0.731. மதிப்பெண்கள் 1001, 1000 என்று இருந்தால் விகிதத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். இடைவெளி அதே 1, ஆகவே பங்கும் அதே 0.731.

இதிலிருந்து ஒன்று புரியும். முன்னணியின் மதிப்பெண் முடிவிலியை நோக்கிப் போவது மட்டும் போதாது. பின்னால் இருப்பவரும் ஒரு படி தள்ளிக் கூடவே ஏறிக்கொண்டிருந்தால், இருவரும் கோடியைத் தாண்டினாலும் பங்கு 0.731இலேயே நிற்கும். இருவரும் சமமாக ஏறினால் ஆளுக்குப் பாதிதான், எந்த உயரத்திலும். பங்கு ஒன்றை நெருங்க வேண்டுமானால் இடைவெளி வரம்பில்லாமல் விரிய வேண்டும். வேறு வழியில்லை.

இதுவரை மூன்றே பேர் போட்டியிட்டார்கள். போட்டியாளர்கள் கூடும்போது கதை மாறுகிறது. ஓப்பன்ஏஐ 2019இல் வெளியிட்ட ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரு வாக்கியத்தில் அடுத்து வரவேண்டிய துண்டு எது என்று அது முடிவு செய்யும்போது, அதன் பட்டியலில் உள்ள 50,257 சொல்துண்டுகளுக்கும் மதிப்பெண் போட்டு, எல்லாவற்றையும் ஒரே சாஃப்ட்மேக்ஸுக்குள் அனுப்புகிறது. ஒரு துண்டு முன்னணியில் இருக்கிறது, மீதி 50,256 துண்டுகளும் அதைவிட 10 மதிப்பெண் பின்தங்கியிருக்கின்றன என்று கற்பனை செய்வோம். e-யின் மைனஸ் பத்தாம் அடுக்கு 0.0000454. தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத எண். ஆனால் சிறுதுளி பெருவெள்ளம். 50,256ஆல் பெருக்கினால் 2.28 வருகிறது. முன்னணியின் பங்கு 1ஐ 3.28ஆல் வகுத்த மதிப்பு, அதாவது 0.305. ஒவ்வொரு போட்டியாளரையும்விட 22,000 மடங்கு பலம் பெற்ற துண்டுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

அதே கூட்டத்தில் இடைவெளியை 15 ஆக்கினால் பங்கு 0.985க்குத் தாவுகிறது. 20 ஆக்கினால் 0.9999. பாதிப் பங்கு எப்போது கிடைக்கும்? கூட்டத்தின் மொத்த பலமும் முன்னணியின் பலமும் சமமாகும்போது. அதற்கு இடைவெளி 50,256இன் இயல் மடக்கையாக இருக்க வேண்டும். அது 10.8. இரண்டே போட்டியாளர்கள் என்றால் 0.69 இடைவெளியே பாதிப் பங்கை வாங்கித் தந்துவிடும். இதில் எனக்கு வியப்பாக இருப்பது மடக்கையின் நிதானம். கூட்டம் இரண்டிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல் பெருகியது, கூடுதலாகத் தேவைப்பட்ட இடைவெளி பத்துதான். கூட்டம் இன்னும் இரு மடங்கானால் மேலும் 0.69 சேர்த்தால் போதும். நிஜத்தில் எல்லாத் துண்டுகளும் ஒரே மதிப்பெண்ணில் நிற்பதில்லை. பெரும்பாலானவை வெகு கீழே இருக்கும், சில மட்டும் நெருங்கி நிற்கும். ஆனாலும் மொழி மாதிரிகளில் ‘வால்’ என்று சொல்லப்படும் அந்த நீண்ட கூட்டம் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சில துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும் பழக்கம் வந்தது அதனால்தான்.

காகிதத்தில் ஒன்றைத் தொடாத இந்த எண், கணினிக்குள் போனதும் தொட்டுவிடுகிறது. நரம்பு வலைப்பின்னல்கள் பல நேரங்களில் எண்களை 32 பிட் மிதவைப் புள்ளி வடிவில் வைத்துக்கொள்கின்றன. அந்த வடிவில் 1க்கு அடுத்த பெரிய எண் 1.00000012. இடையில் எதுவும் கிடையாது. 1உடன் ஒரு சிறு எண்ணைக் கூட்டும்போது, அந்தச் சிறு எண் இந்த இடைவெளியில் பாதியைவிடக் குறைவாக இருந்தால் விடை மறுபடியும் 1தான். பாதி என்பது ஏறக்குறைய 0.00000006. e^-d அந்த அளவுக்கு இறங்குவது d = 16.6 என்ற இடத்தில். நம் பின்கோடு கணக்கையே நம்பை நூலகத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

```python
import numpy as np
z = np.array([21, 4, 1], dtype=np.float32)
a = np.exp(z - z.max())
p = a / a.sum()
print(p[0] == 1.0)   # True
```

முதல் மதிப்பெண் 20ஆக இருந்தவரை விடை 0.99999988. அதை 21 ஆக்கியதும் இடைவெளி 17 ஆகிறது, விடை சுத்தமான 1.0. எல்லையாக மட்டுமே இருக்க வேண்டிய எண், கணினியில் மதிப்பாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. 64 பிட் வடிவில் இதே விஷயம் இடைவெளி 36.7ஐத் தாண்டும்போது நடக்கும்.

தோற்றவர்களின் பங்கு அப்போதே பூஜ்யமாவதில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கணினியிடம் இன்னும் பல சிறு எண்கள் இருக்கின்றன. 32 பிட்டில் இடைவெளி ஏறக்குறைய 104ஐத் தாண்டிய பிறகுதான் தோற்றவரின் பங்கு முழுப் பூஜ்யமாகிறது. அது நடக்கும்போது வேறொரு தொல்லை. பயிற்சியின்போது சரியான விடையின் பங்குக்கு மடக்கை எடுத்துத்தான் தவறின் அளவைக் கணக்கிடுகிறார்கள். சரியான விடை 4ஆக இருந்து, வலைப்பின்னல் 9க்கு 110 அதிகம் போட்டிருந்தால், 4இன் பங்கு 0. பூஜ்யத்தின் மடக்கை மைனஸ் முடிவிலி. தவறின் அளவு என்று திரையில் inf வரும், அடுத்த சுற்றில் எல்லாம் nan ஆகும். காகிதத்தில் அந்தத் தவறின் அளவு வெறும் 110தான். சாஃப்ட்மேக்ஸையும் மடக்கையையும் தனித்தனியே போடாமல், இரண்டையும் சேர்த்து ஒரே படியில் கணக்கிட்டால் அந்த 110 அப்படியே கிடைக்கும். பைடார்ச்சில் log_softmax என்ற கட்டளை இருப்பது இதற்காகத்தான்.

மேலே உள்ள நிரலில் z.max() கழிக்கப்படுவதையும் கவனியுங்கள். அது இல்லாமல் e^z-ஐ நேராகக் கணக்கிட்டால், மதிப்பெண் 89 ஆனதும் 32 பிட் வடிவின் உச்ச எண்ணான 3.4 × 10^38ஐத் தாண்டிவிடும். தொகுதியிலும் முடிவிலி, பகுதியிலும் முடிவிலி, விடை nan. 16 பிட் வடிவில் உச்ச எண் 65,504 மட்டுமே, அங்கே 12 என்ற மதிப்பெண்ணே போதும் கணக்கைக் கவிழ்க்க. மிகப் பெரிய மதிப்பெண்ணை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால் அதிகபட்சம் e^0, அதாவது 1. கழிப்பதால் இடைவெளி எதுவும் மாறாது, ஆகவே பங்குகளும் மாறாது. தொகுதியையும் பகுதியையும் e^z1ஆல் வகுத்தோமே, அதே வேலையைத்தான் இந்தக் கழித்தலும் செய்கிறது.

பங்கு ஒன்றை நெருங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. என் பார்வையில் இந்த விஷயத்திலேயே மிக முக்கியமானது இதுதான். வலைப்பின்னல் கற்றுக்கொள்வது எப்படி? மதிப்பெண்ணைச் சற்று அசைத்தால் விடை எவ்வளவு அசையும் என்று பார்த்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மதிப்பெண்ணைப் பொறுத்துப் பங்கின் வகைக்கெழு p(1-p). பங்கு 0.5ஆக இருக்கும்போது இது 0.25. பங்கு 0.9974ஆக இருக்கும்போது 0.0026. கணினி பங்கை 1.0 என்று எழுதிவிட்டால், (1-p) பூஜ்யம், வகைக்கெழுவும் பூஜ்யம். மதிப்பெண்ணை எப்படி அசைத்தாலும் விடை அசையாது. எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்ற தகவலே பின்னால் போகாது.

கடைசி அடுக்கில் இது பெரிய ஆபத்தாவதில்லை. அங்கே சாஃப்ட்மேக்ஸுக்குப் பின் மடக்கை வருவதால், திருத்த அளவு ‘கிடைத்த பங்கு கழித்தல் சரியான பங்கு’ என்ற எளிய வித்தியாசமாக முடிகிறது. வலைப்பின்னல் முழு நம்பிக்கையோடு தவறு செய்தால் திருத்தமும் முழு அளவில் கிடைக்கும். ஆனால் வலைப்பின்னலின் நடுவில் சாஃப்ட்மேக்ஸ் இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்றைய மொழி மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பில் நடுவில்தான் இருக்கிறது. 2017இல் அஷீஷ் வாஸ்வானியும் அவரது கூட்டாளிகளும் கூகுளில் இருந்தபடி வெளியிட்ட கட்டுரையில் அந்த அமைப்பு அறிமுகமானது. அதில் ஒவ்வொரு சொல்துண்டும் மற்றத் துண்டுகளில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்ய சாஃப்ட்மேக்ஸைப் பயன்படுத்துகிறது. மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? 64 எண்கள் கொண்ட இரண்டு வரிசைகளை எடுத்து, நேருக்கு நேர் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு எண்ணும் சராசரி 0, திட்டவிலக்கம் 1 கொண்டது என்று வைத்துக்கொண்டால், 64 பெருக்குத்தொகைகளின் கூட்டலுக்குத் திட்டவிலக்கம் 64இன் வர்க்கமூலம், அதாவது 8. இப்படிப்பட்ட இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே வழக்கமாக விழும் இடைவெளி 8ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது, சுமார் 11.3.

நம் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். இரண்டே துண்டுகள், இடைவெளி 11.3. முன்னணியின் பங்கு 0.99999. வகைக்கெழு 0.000012. பயிற்சி தொடங்கும் முன்பே, வலைப்பின்னல் எதையும் கற்றுக்கொள்ளாத நிலையிலேயே, தற்செயலாக வந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு துண்டை மட்டும் முழுக்கக் கவனிப்பது என்று முடிவாகிவிட்டது. அந்த முடிவை மாற்றும் வழியும் ஏறக்குறைய அடைந்துவிட்டது. வாஸ்வானி குழு செய்தது ஒரே ஒரு வகுத்தல். எல்லா மதிப்பெண்களையும் 8ஆல் வகுத்தார்கள். இடைவெளி 1.41 ஆகிறது. பங்கு 0.80, வகைக்கெழு 0.157. முன்பு இருந்ததைவிடப் பன்னிரண்டாயிரம் மடங்குக்கு மேல். இன்னொரு துண்டைக் கவனிக்கலாமா என்று வலைப்பின்னல் யோசிக்க இடம் கிடைத்துவிட்டது. பெரிய மதிப்பெண்கள் சாஃப்ட்மேக்ஸை வகைக்கெழு மிகச் சிறிதாக உள்ள பகுதிக்குத் தள்ளிவிடும் என்ற சந்தேகத்தால்தான் வகுக்கிறோம் என்று அந்தக் கட்டுரையே காரணம் சொல்கிறது.

பங்கு ஒன்றோடு ஒட்டிக்கொண்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்சி நடக்கும்போது பங்குகளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எல்லா வரிசையிலும் ஒரு 1, மீதி எல்லாம் 0 என்று ஆரம்பத்திலேயே தென்பட்டால் மதிப்பெண்கள் அளவு மீறிப் போய்விட்டன. தவறின் அளவு குறையாமல் ஒரே இடத்தில் நிற்பதும், அந்த அடுக்கின் வகைக்கெழுக்கள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடப்பதும் அதே நோயின் மற்ற அறிகுறிகள்.

இந்த வகுத்தலுக்குப் பொதுப் பெயர் வெப்பநிலை. போல்ட்ஸ்மன் சூத்திரத்தில் வெப்பநிலை இருந்த இடத்தில்தான் இந்த வகுக்கும் எண் வந்து நிற்கிறது. எல்லா மதிப்பெண்களையும் T என்ற நேர் எண்ணால் வகுத்தால் எல்லா இடைவெளிகளும் T-ஆல் சுருங்கும். T-யைப் பெரிதாக்கினால் பங்குகள் சமமாகிக்கொண்டே போகும். T பூஜ்யத்தை நோக்கிப் போனால் ஒவ்வொரு இடைவெளியும் முடிவிலியை நோக்கி விரியும், முன்னணி முழு ஒன்றை நோக்கிப் போகும். முன்னணியில் இருவர் சரிசமமாக இருந்தால் மட்டும் அவர்களுக்கிடையே இடைவெளி பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் வகுத்தாலும் பூஜ்யம்தான், ஆளுக்குப் பாதி என்பது மாறாது.

கடைசியாக, திரையில் வரும் அந்தச் சதவீதம். பின்கோடு படிக்கும் வலைப்பின்னலிடம் இலக்கமே இல்லாத ஒரு கிறுக்கலைக் கொடுத்தாலும், அது பத்து இலக்கங்களுக்கும் ஒன்றைப் பங்கிட்டே ஆக வேண்டும். ‘இது எதுவுமில்லை’ என்று சொல்லும் இடம் சூத்திரத்தில் கிடையாது. கிறுக்கலின் ஏதோ ஒரு கோடு 9இன் மதிப்பெண்ணை மற்றவற்றைவிடப் பன்னிரண்டு தூக்கிவிட்டால், ஒன்பது போட்டியாளர்கள் இருந்தும் 9இன் பங்கு 0.9999ஐ எட்டிப்பிடிக்கும். அன்றைய ஆழ்நரம்பு வலைப்பின்னல்கள் தாங்கள் சரியாகச் சொல்லும் விகிதத்தைவிட அதிக நம்பிக்கையைக் காட்டுகின்றன என்று 2017இல் சுவான் குவோவும் அவரது கூட்டாளிகளும் அளந்து காட்டினார்கள். அவர்கள் சொன்ன எளிய மருந்தும் வெப்பநிலைதான். பயிற்சி முடிந்த பின், பயிற்சியில் பயன்படுத்தாத தரவை வைத்து ஒரே ஒரு T-யைக் கண்டுபிடித்து, எல்லா மதிப்பெண்களையும் அதால் வகுக்க வேண்டும். யார் முதலிடம் என்பது மாறாது, காட்டும் சதவீதம் மட்டும் நிஜத்துக்கு நெருங்கி வரும். ஒரே ஒரு போட்டியாளர், இடைவெளி 9.2 என்றால் திரையில் 99.99 சதவீதம் வரும். T-யை 2 என்று வைத்தால் அதே விடை 99 சதவீதமாகிறது. 4 என்று வைத்தால் 91 சதவீதம்.

ஆகவே மருத்துவப் படத்தையோ கடன் விண்ணப்பத்தையோ கணினி பார்த்துவிட்டு 99.99 சதவீதம் என்று காட்டினால், அந்த எண் தனித் தரவை வைத்துச் சரிபார்க்கப்பட்டதா என்று அதை விற்றவரிடம் கேளுங்கள். சரிபார்க்கவில்லை என்றால், இரண்டு மதிப்பெண்களுக்கு நடுவே 9.2 இடைவெளி இருந்தது என்பதற்கு மேல் அந்த எண் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.